வகுப்பறைகளைக் குலுக்கிப் பிரிக்கும் மனநல ஆய்வு: எத்தனை மாணவர்கள் என்பதல்ல, எத்தனை வகுப்பறைகள் என்பதே கேள்வி

பள்ளிகளில் நடக்கும் மனநலத் திட்டங்கள் பற்றிய செய்திகளில் "ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு" என்ற வரி அடிக்கடி வரும். படிப்பவருக்கு அது பெரிய ஆய்வாகத் தெரியும். ஆனால் அதே ஆய்வின் முன்மொழிவைப் பார்த்த புள்ளியியலாளர் "மாதிரி அளவு போதாது" என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். மாணவர்கள் தனித்தனியாக அல்லாமல் வகுப்பறை வகுப்பறையாகப் பிரிக்கப்படும்போது, ஆய்வின் வலிமையைத் தீர்மானிப்பது தலைகளின் எண்ணிக்கை அல்ல. அந்தக் கணக்கை அடியிலிருந்து பார்ப்போம்.

## ஏன் வகுப்பறையாகப் பிரிக்கிறார்கள்?

மருந்து ஆய்வில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகக் குலுக்கல் நடக்கும். யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று குலுக்கல் சொல்லும். பள்ளியில் ஆசிரியரோ ஆலோசகரோ நடத்தும் மனநலப் பாடத்துக்கு இது ஒத்துவராது. ஒரே வகுப்பறையில் இருபது பேரை வெளியே அனுப்பிவிட்டு மற்ற இருபது பேருக்கு மட்டும் பாடம் நடத்த முடியாது. நடத்தினாலும் இடைவேளையில் விஷயம் பரவிவிடும். அதனால் மொத்தமாகப் பிரிக்கிறார்கள். எந்த அளவிலான மொத்தம் என்பதில்தான் ஆய்வுகள் வேறுபடுகின்றன.

பிரிட்டனில் மனக்கவனப் பயிற்சியைச் சோதித்த 'மிரியட்' ஆய்வு பள்ளிகளையே முழுதாகப் பிரித்தது. அதில் 85 பள்ளிகளும் 8,376 மாணவர்களும் இருந்தார்கள். அதே நாட்டில் மனச்சோர்வுத் தடுப்புக்காக நடந்து 2012இல் வெளியான 'பிராமிஸ்' ஆய்வு, 8 பள்ளிகளுக்குள் 28 ஆண்டுக் குழுக்களைப் பிரித்தது. டெல்லியில் பள்ளி ஆலோசனைச் சேவையைத் தேடி மாணவர்கள் வர வைக்கும் வகுப்பறை அமர்வைச் சோதித்தவர்கள் இன்னும் கீழே இறங்கினார்கள். 6 பள்ளிகளில் 70 வகுப்பறைகளுக்கு எப்போது அமர்வு நடக்கும் என்பதை அவர்கள் குலுக்கலில் முடிவு செய்தார்கள்.

இப்படி மொத்தமாகப் பிரிக்கப்படும் அலகைக் கொத்து என்பார்கள். இந்தக் கட்டுரையில் கொத்து என்றால் வகுப்பறை: 9-அ, 9-ஆ, 9-இ என்று ஒவ்வொரு பிரிவும் ஒரு கொத்து.

## ஒரே வகுப்பறையில் இருப்பவர்கள் ஏன் தனித்தனி ஆட்கள் அல்ல?

ஒரே வகுப்பறை மாணவர்களுக்கு ஒரே வகுப்பாசிரியர், ஒரே தேர்வு நெருக்கடி, ஒரே நட்புக் கூட்டம். அங்கே ஒரு கொடுமைக்காரக் கும்பல் இருந்தால் எல்லோருடைய மனநிலையும் கொஞ்சம் கீழே இருக்கும். போதாக்குறைக்கு, பல பள்ளிகளில் பிரிவுகளைச் சேர்க்கும்போதே மதிப்பெண், பயிற்று மொழி, பாடப் பிரிவு என்று பார்த்துச் சேர்க்கிறார்கள். ஆக, ஒரு மாணவரின் விடை தெரிந்தால் பக்கத்து இருக்கைக்காரரின் விடையையும் ஓரளவு ஊகிக்கலாம். இரண்டாவது விடை முழுப் புதுத் தகவலைத் தருவதில்லை.

இந்த ஒற்றுமையை அளக்கும் எண்ணுக்குக் கொத்துள் ஒட்டுறவுக் கெழு என்று பெயர். ஆய்வாளர்கள் ஐ.சி.சி. என்றே பேசுவார்கள், சூத்திரத்தில் ρ என்று எழுதுவார்கள். மதிப்பெண்களில் காணப்படும் மொத்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு வகுப்பறைக்கும் வகுப்பறைக்கும் இடையில் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. மாணவர்கள் தாங்களே நிரப்பும் மனநலக் கேள்வித்தாள்களில் இது பெரும்பாலும் 0.01 முதல் 0.05 வரையிலான சின்ன எண்தான். சின்னது என்று ஒதுக்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பயன்படுத்துவோம். 9-ஆம் வகுப்பு மாணவர்களுக்கான மனச்சோர்வுத் தடுப்புப் பாடம் ஒன்றைச் சோதிக்கிறோம். அளவுகோல், பி.எச்.கியூ-9 என்ற 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும் கேள்வித்தாள். மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 5 என்றும், ρ 0.04 என்றும் வைத்துக்கொள்வோம். மொத்த மாறுபாடு 5 × 5 = 25. அதில் 0.04 பங்கு, அதாவது 1, வகுப்பறைகளுக்கு இடையிலானது. பாடம் எதுவும் நடத்தாமலே வகுப்பறைகளின் உண்மையான சராசரிகள் ஒன்றுக்கொன்று 1 புள்ளி திட்ட விலக்கத்தோடு விலகி நிற்கின்றன என்று பொருள்.

நாம் தேடும் பலன் 1.25 புள்ளிதான் என்று வையுங்கள். ஒரே ஒரு வகுப்பறைக்குப் பாடம் நடத்தி இன்னொன்றோடு ஒப்பிட்டால், அவற்றுக்கு இடையே இயல்பாகவே இருக்கக்கூடிய வித்தியாசத்தின் திட்ட விலக்கம் 1.4 புள்ளி. தேடும் பலனைவிட அதுவே பெரிது. 9-அவுக்கு நடத்தினோம், 9-ஆவுக்கு நடத்தவில்லை, வித்தியாசம் தெரிந்தது என்று சொல்லும் ஆய்விலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாததற்கு இதுதான் காரணம்.

## கணக்கு, படிப்படியாக

1. தேடும் பலனை முதலில் முடிவு செய்யுங்கள். 1.25 புள்ளி என்பது 5இல் கால் பங்கு, அதாவது 0.25 திட்ட விலக்கம். இதைக் கணக்குக்கு வசதியாக எடுக்கக் கூடாது. இதற்கும் குறைவாகப் பலன் இருந்தால் பள்ளி நேரத்தைச் செலவிடத் தகாது என்று கல்வித்துறையும் உளவியலாளரும் சேர்ந்து சொல்லும் எல்லையாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் நடத்தும் தடுப்புப் பாடத்தில் பெரும்பாலோர் தொடக்கத்திலேயே நலமாக இருப்பார்கள். அதனால் 0.5 போன்ற பெரிய பலனை எதிர்பார்ப்பது பொருந்தாது. மாதிரி அளவைக் குறைத்துக் காட்டவே அப்படி எழுதியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும்.

2. தனித்தனியாகப் பிரித்தால் எத்தனை பேர் வேண்டும்? தவறான நேர்மறை முடிவுக்கு 5 சதவீத இடம், பலன் உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், வழக்கமான சூத்திரம் இது:

```
n = 2 × (1.96 + 0.8416)² / 0.25²  ≈ 251.2 → 252
```

ஒரு பக்கத்துக்கு 252 பேர், இரு பக்கமும் சேர்த்து 504. கொத்தைக் கணக்கில் எடுக்காத முன்மொழிவுகள் இங்கேயே நின்றுவிடும்.

3. கொத்துக்கான பெருக்கல். ஒரு வகுப்பறையில் 40 பேர் இருந்தாலும் பெற்றோர் ஒப்புதல் தராதவர்கள், அன்று வராதவர்கள், பள்ளி மாறியவர்கள் போக 30 பேரிடமிருந்துதான் இறுதி விடை கிடைக்கும் என்று வைப்போம். மாதிரியை எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண் வடிவமைப்பு விளைவு. இதில் m என்பது ஒரு வகுப்பறையிலிருந்து வரும் விடைகள்:

```
DE = 1 + (m − 1) × ρ = 1 + 29 × 0.04 = 2.16
```

சின்ன 0.04, 29 பேரோடு பெருக்கப்பட்டதும் மாதிரியை இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறது.

4. வகுப்பறைகள் சம அளவில் இருப்பதில்லை. ஒன்றில் 18 விடை, இன்னொன்றில் 41 விடை என்று வரும். அளவுகளின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் கிடைக்கும் மாறுபாட்டுக் கெழு 0.3 என்று வைத்தால் சூத்திரம் கொஞ்சம் மாறும்:

```
DE = 1 + ((0.3² + 1) × 30 − 1) × 0.04 ≈ 2.27
```

252 × 2.27 = சுமார் 572 பேர். 30ஆல் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு 19க்குச் சற்று மேல், அதாவது 20 வகுப்பறைகள்.

5. சின்ன எண்ணிக்கைக்கான திருத்தம். மேலே போட்ட 1.96 நிறைய சுதந்திரமான அலகுகள் இருக்கும்போது பொருந்தும். இங்கே சுதந்திரமான அலகுகள் வகுப்பறைகள்தான். 11 பள்ளிகளில் பள்ளிக்கு 4 வீதம் 44 வகுப்பறைகள் எடுத்து, ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டைப் பாடத்துக்கும் இரண்டை ஒப்பீட்டுக்கும் குலுக்கினால், பள்ளிகளுக்கு 11, பாடத்தின் பலனுக்கு 1 கழித்து மிஞ்சும் சுதந்திர அளவு 44 − 11 − 1 = 32. அதற்குரிய எல்லை 1.96 அல்ல, 2.04. இந்த 44 வகுப்பறைகளில் பலனைப் பிடிக்கும் வாய்ப்பு சுமார் 84 சதவீதம். நடுவில் ஒரு பள்ளி விலகிவிட்டாலும் 80ஐ ஒட்டி நிற்கும். எனவே திட்டம் 44 வகுப்பறைகள், அவற்றில் சுமார் 1,760 மாணவர்கள், அவர்களில் 1,320 பேரின் விடை.

504இல் தொடங்கி 1,320இல் நிற்கிறோம். இடையில் வந்த ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. மாதிரி அளவை நியாயப்படுத்துவது என்றால் அந்தக் காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதுதான்.

## "வகுப்பறைகள் கிடைக்கவில்லை, மாணவர்களைக் கூட்டிக்கொள்ளலாமா?"

இது அடிக்கடி எழும் கேள்வி. பள்ளிகளின் அனுமதி வாங்குவது கடினம். உள்ளே போய்விட்டால் இன்னும் நிறைய பேரிடம் கேள்வித்தாள் கொடுப்பது எளிது.

கணக்கு இதை அனுமதிப்பதில்லை. ஒரு பக்கத்துக்கு k வகுப்பறைகள் இருந்தால், ஒவ்வொன்றிலும் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும், அவர்கள் சேர்ந்து தரும் தகவல் k ÷ ρ தனிநபர்களின் தகவலைத் தாண்டாது. 10 வகுப்பறைகள், ρ 0.04 என்றால் உச்சவரம்பு 250. நமக்கு வேண்டியது 252. அதாவது பக்கத்துக்குப் பத்து வகுப்பறைகளோடு இந்த ஆய்வு எத்தனை மாணவர்களைச் சேர்த்தாலும் இலக்கை எட்டாது. வகுப்பறைக்கு 30 பேரிலிருந்து 15 பேராகக் குறைத்துவிட்டு வகுப்பறைகளை அதிகப்படுத்துவது பெரும்பாலும் நல்ல பேரம்.

## அந்த 0.04 எங்கிருந்து வந்தது?

முழுக் கணக்கும் தொங்கிக்கொண்டிருப்பது இந்த எண்ணில்தான். முன்மொழிவுகளில் மிகப் பலவீனமான வரியும் பெரும்பாலும் இதுதான்: "முந்தைய ஆய்வுகளின்படி ஐ.சி.சி. 0.02". எந்த ஆய்வு, எந்த அளவுகோல், எந்த வயது, எந்த அலகு என்று எதுவும் இருக்காது.

கவனிக்க வேண்டியது முக்கியமாக அலகு. வெளியான ஆய்வுகள் பலவற்றில் குலுக்கப்பட்டது பள்ளி. அவை தருவது பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையிலான ஐ.சி.சி. நமது வடிவத்தில் ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் இரு பக்கமும் இருப்பதால் பள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு இரண்டு பக்கத்திலும் சமமாக விழுந்து அடிபட்டுப்போகிறது. நமக்கு வேண்டியது, அதே பள்ளியின் வேறு பிரிவு மாணவரைவிட ஒரே பிரிவு மாணவர் எவ்வளவு கூடுதலாக ஒத்திருக்கிறார் என்ற எண். பள்ளி எண்ணை வகுப்பறைக் கணக்கில் போட்டால் அது கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். எந்தப் பக்கம் தவறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சொந்தமாக ஆறு வகுப்பறைகளில் ஒரு முன்னோட்டம் நடத்தி அதிலிருந்து ஐ.சி.சி. எடுப்பதும் உதவாது. ஆறு வகுப்பறைகளிலிருந்து வரும் மதிப்பீட்டின் நம்பக வீச்சு, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை, பூஜ்யத்திலிருந்து மிகப் பெரிய எண்வரை நீளும். முன்னோட்டத்தில் 0 வந்தது என்று கொத்தே இல்லாததுபோல் திட்டமிட்டவர்கள் பின்னால் சிக்கிக்கொள்வார்கள். முன்னோட்டத்திலிருந்து எடுக்க வேண்டியது வேறு: எத்தனை சதவீதம் பெற்றோர் ஒப்புக்கொள்கிறார்கள், எத்தனை பேர் இறுதிவரை இருக்கிறார்கள், திட்ட விலக்கம் எவ்வளவு.

அதனால் ஒரே எண்ணைத் தராமல், எண் மாறினால் திட்டம் எப்படி மாறும் என்று காட்டுவது நேர்மையானது. சின்ன எண்ணிக்கைத் திருத்தத்துக்கு முன்பான கணக்கு இப்படி வரும்:

| ρ | வடிவமைப்பு விளைவு | ஒரு பக்கத்துக்கு வகுப்பறைகள் |
|---|---|---|
| 0.02 | 1.63 | 14 |
| 0.04 | 2.27 | 20 |
| 0.06 | 2.90 | 25 |

இதைப் பார்க்கும் மதிப்பீட்டாளருக்கு, பக்கத்துக்கு 22 வகுப்பறைகள் என்ற முடிவு எந்த எல்லைவரை தாங்கும், எங்கே தாங்காது என்பது ஒரு நிமிடத்தில் புரியும்.

## வகுப்பறையா, பள்ளியா?

பள்ளிக்குள் பிரிப்பதால் பள்ளி வேறுபாடு அடிபட்டுப்போகிறது என்றோம். அதற்கு ஒரு விலை உண்டு. 9-அவில் கற்ற மூச்சுப் பயிற்சியும் எண்ணங்களைக் கேள்வி கேட்கும் முறையும் விடுதியிலும் பேருந்திலும் 9-ஆவுக்குப் போய்விடும். ஒரே ஆசிரியர் இரண்டு பிரிவுக்கும் பாடம் எடுத்தால் அவர் வழியாகவும் போகும். இந்தக் கசிவு இரு பக்கத்தின் வித்தியாசத்தைச் சுருக்கிவிடும்.

எவ்வளவு கசிந்தால் வகுப்பறை வடிவத்தின் ஆதாயம் தீர்ந்துபோகும் என்பதையும் தோராயமாகக் கணக்கிடலாம். பலனில் 20 சதவீதம் கசிந்தால் 0.25 என்பது 0.20 ஆகிறது. மாதிரி 1 ÷ 0.8² = 1.56 மடங்கு வேண்டும். வகுப்பறைகளின் அளவு வேறுபாட்டைப் பொருட்படுத்தாத எளிய கணக்கில் 2.16 × 1.56 = 3.37. மறுபக்கம், பள்ளிகளையே பிரிக்கிறோம், பள்ளிக்கு 4 வகுப்பறைகள், பள்ளி அளவில் கூடுதல் ஒற்றுமை 0.02 என்று வைத்தால் ஒரே வகுப்பறையினரின் ஒற்றுமை 0.06, வேறு வகுப்பறையினரின் ஒற்றுமை 0.02 ஆகிறது. அப்போது பெருக்கம் 1 + 29 × 0.06 + 90 × 0.02 = 4.54. ஆக, 20 சதவீதம் கசிந்தாலும் வகுப்பறையாகப் பிரிப்பதே சிக்கனம். கசிவு 30 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் பள்ளி வடிவம் முந்துகிறது.

ஆனால் மாதிரி அளவு மட்டுமே அளவுகோல் இல்லை. கசிவுள்ள ஆய்வு போதுமான எண்ணிக்கையோடு நடந்தாலும், அது சொல்லும் பலன் உண்மைப் பலனைவிடக் குறைவாகவே இருக்கும். ஆசிரியர் எல்லாப் பிரிவுக்கும் பொதுவானவர் என்றால், அல்லது திட்டம் பள்ளியின் சூழலையே மாற்ற முயல்கிறது என்றால், செலவானாலும் பள்ளியைப் பிரிப்பதே சரி. தனி ஆலோசகர் வந்து மூடிய கதவுக்குள் நடத்தும் அமர்வுக்கு வகுப்பறை போதும். எந்த வடிவமானாலும், ஒப்பீட்டு வகுப்பறை மாணவர்களிடம் கடைசியில் "பக்கத்துப் பிரிவில் சொல்லிக்கொடுத்ததில் உனக்கு என்ன தெரியும்" என்று நான்கைந்து கேள்விகள் கேட்டு வைத்தால் கசிவு எவ்வளவு என்று பின்னால் சொல்லலாம்.

## மறைந்திருக்கும் இன்னொரு கொத்து: பாடம் நடத்துபவர்

மிகப் பெரும்பாலும் தவறவிடப்படுவது இது. 22 வகுப்பறைகளுக்குப் பாடம் நடத்த 4 ஆலோசகர்களைத்தான் நியமித்திருக்கிறோம் என்று வையுங்கள். ஒருவர் மாணவர்களோடு எளிதில் பழகுபவர், ஒருவர் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போகிறவர். அப்போது ஒரே ஆலோசகரின் ஐந்தாறு வகுப்பறைகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கும்.

ஆலோசகர் வழியாக வரும் ஒற்றுமை வெறும் 0.02 என்றாலும், ஒருவரிடம் 165 மாணவர்கள் இருப்பதால் பாடப் பக்கத்தின் வடிவமைப்பு விளைவில் 164 × 0.02 = 3.28 கூடுகிறது. 2.27 என்று திட்டமிட்டது அந்தப் பக்கத்தில் 5.5 ஆகிவிடுகிறது. 11 ஆலோசகர்கள் இருந்தால் கூடுதல் 1.18தான். ஆகவே ஆலோசகர் எண்ணிக்கை நிர்வாகச் செலவுக் கணக்கு மட்டும் அல்ல, மாதிரி அளவின் ஒரு பகுதி. அதை முன்மொழிவில் எழுத வேண்டும்.

யார் நடத்துகிறார் என்பது பலனையே மாற்றும் என்பதற்குப் பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்து 2018இல் வெளியான 'செஹெர்' ஆய்வு நல்ல சான்று. ஒரே பள்ளி நலத் திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களும், சில பள்ளிகளில் ஆசிரியர்களும் நடத்தினார்கள். ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் தெளிவாக முன்னேறியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் முன்னேற்றம் தெரியவில்லை.

## பகுப்பாய்வில் கொத்தைக் கொண்டுவருவது

திட்டமிடும்போது கொத்தைக் கணக்கில் எடுத்துவிட்டு, முடிவில் 1,320 பேரையும் தனித்தனி ஆட்களாக எண்ணி டி-சோதனை போடுபவர்கள் உண்டு. அதன் விளைவு என்ன? வடிவமைப்பு விளைவு 2.16 என்றால், உண்மையான பிழை அவர்கள் நினைப்பதைவிட 1.47 மடங்கு பெரிது. 1.96 என்று அவர்கள் நினைக்கும் எல்லை உண்மையில் 1.33தான். பாடத்தால் எந்தப் பலனும் இல்லாத நிலையிலும், நூற்றுக்கு 5 முறை வர வேண்டிய தவறான வெற்றி 18 முறை வரும். 1978லேயே புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட் இப்படிப் பகுப்பாய்வு செய்வதைத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்று எழுதிவிட்டார்.

சரியான வழிகளில் ஒன்று கலப்பு மாதிரியுரு: பாடத்தின் பலனையும் வகுப்பறைகளுக்கு இடையிலான விலகலையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்து மதிப்பிடும் முறை. ஆர் மென்பொருளில் நமது வடிவத்துக்கு இப்படி எழுதலாம்:

```r
library(lmerTest)
fit <- lmer(score ~ arm + baseline + school + (1 | class), data = d)
summary(fit, ddf = "Kenward-Roger")
```

இதில் `school` என்பது குலுக்கல் பள்ளிக்குள் நடந்ததைக் காட்டுகிறது. `(1 | class)` வகுப்பறைக் கொத்து. `baseline` தொடக்க மதிப்பெண். அதைச் சேர்ப்பதால் துல்லியம் கூடும். கடைசி வரியின் கென்வர்ட்–ரோஜர் திருத்தம், வகுப்பறைகள் குறைவாக இருப்பதற்கு ஏற்பச் சுதந்திர அளவைக் குறைத்துக் கணக்கிடுகிறது.

இங்கே நடக்கும் ஒரு பிழையைக் கண்டுபிடிப்பது எளிது, ஆனால் பார்க்காமல் விட்டால் முழு முடிவும் கெட்டுவிடும். தரவுத்தாளில் `class` நெடுவரிசையில் எல்லாப் பள்ளிக்கும் "9A", "9B" என்றே பதிந்திருந்தால், 11 பள்ளிகளின் 9A எல்லாம் ஒரே வகுப்பறை என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். வெளியீட்டில் `groups: class, 44` என்று வர வேண்டிய இடத்தில் `groups: class, 4` என்று இருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டே மற்றதைப் படிக்க வேண்டும். "S03-9A" என்று பள்ளியோடு சேர்த்துக் குறியீடு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், சில சமயம் `boundary (singular) fit` என்ற செய்தி வரும். வகுப்பறை மாறுபாடு பூஜ்யமாக மதிப்பிடப்பட்டது என்று பொருள். உடனே `(1 | class)`ஐ நீக்கிவிடத் தோன்றும். நீக்கக் கூடாது. குலுக்கல் வகுப்பறையில் நடந்தது. அதை மதிப்பீட்டில் 0 வந்ததால் மாற்ற முடியாது. சந்தேகம் இருந்தால் 44 வகுப்பறைகளின் சராசரிகளை மட்டும் எடுத்து, பள்ளிக்குள் வித்தியாசம் பார்த்து, 44 எண்களைக் கொண்டே சோதனை செய்து பாருங்கள். இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே பதிலைத் தர வேண்டும். தரவில்லை என்றால் மாதிரியுருவில் ஏதோ கோளாறு.

## முன்மொழிவில் எழுத வேண்டிய பத்தி

மேலே வந்த எல்லாம் சேர்ந்தால் பத்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

> முதன்மை அளவு, 6 மாதத்தில் பி.எச்.கியூ-9 மதிப்பெண். 1.25 புள்ளி வித்தியாசத்தை (திட்ட விலக்கம் 5) கண்டறிய, தனிநபர் குலுக்கலில் பக்கத்துக்கு 252 பேர் தேவை. வகுப்பறைக்குச் சராசரியாக 30 விடைகள், அளவுகளின் மாறுபாட்டுக் கெழு 0.3, பள்ளிக்குள் வகுப்பறை ஐ.சி.சி. 0.04 எனக் கொண்டால் வடிவமைப்பு விளைவு 2.27. 11 பள்ளிகளில் 44 வகுப்பறைகள் 32 சுதந்திர அளவில் சுமார் 84 சதவீதத் திறனைத் தரும். ஐ.சி.சி. 0.02 முதல் 0.06 வரையிலான கணக்கு அட்டவணையில் உள்ளது. ஒப்புதலும் தொடக்க அளவீடும் குலுக்கலுக்கு முன் முடியும்.

கடைசி வாக்கியத்தைச் சும்மா சேர்க்கவில்லை. தன் வகுப்பறைக்குப் பாடம் உண்டு என்று தெரிந்த பிறகு ஒப்புதல் கேட்டால், பாடப் பக்கத்தில் ஆர்வமுள்ள குடும்பங்கள் மட்டும் சேரும். ஒப்பீட்டுப் பக்கத்தில் வேறு மாதிரிக் குடும்பங்கள் சேரும். எந்தப் புள்ளியியல் மாதிரியுருவும் அதைச் சரிசெய்யாது. கொத்து ஆய்வுகளை எப்படி அறிக்கையிடுவது என்று 2012இல் புதுப்பிக்கப்பட்ட கன்சார்ட் விரிவாக்கமும் ஒப்புதல் குலுக்கலுக்கு முன்பா பின்பா என்று சொல்லும்படி கேட்கிறது.

## ஆய்வு முடிந்தபின்

முடிவை வெளியிடும்போது எத்தனை வகுப்பறைகள் குலுக்கப்பட்டன, எத்தனை பகுப்பாய்வில் இருந்தன, உண்மையில் வந்த ஐ.சி.சி. எவ்வளவு, அதன் நம்பக வீச்சு என்ன என்று சொல்ல வேண்டும். அடுத்த ஆய்வைத் திட்டமிடுபவருக்கு அந்த எண் இங்கிருந்துதான் கிடைக்க வேண்டும்.

ஐ.சி.சி. 0.04க்குப் பதில் 0.07 என்று வந்துவிட்டால்? கண்டறியும் திறனை மறுபடி கணக்கிடுவதில் பயனில்லை. நம்பக வீச்சைப் பார்த்தால் போதும். 0.04 என்றால் நமது ஆய்வின் வீச்சு, கண்ட வித்தியாசத்துக்கு இருபுறமும் சுமார் 0.84 புள்ளி இருந்திருக்கும். 0.07 ஆனதால் அது சுமார் 1 புள்ளியாக விரிகிறது. கண்ட வித்தியாசம் 0.1 என்றால் வீச்சு −0.9 முதல் 1.1 வரை. நாம் தேடிய 1.25 அதற்கு வெளியே இருப்பதால், "பயனுள்ள அளவு பலன் இல்லை" என்று துணிந்து சொல்லலாம். கண்ட வித்தியாசம் 0.6 என்றால் வீச்சு −0.4 முதல் 1.6 வரை. பூஜ்யமும் உள்ளே, 1.25உம் உள்ளே. அந்த ஆய்வைப் பற்றி "பாடம் பலன் தரவில்லை" என்று தலைப்பிடுவது தவறு. 44 வகுப்பறைகளைக் கொண்டு அந்தக் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்பதுதான் அதன் முடிவு.